"Excel" என்று ஒரே ஒரு சொல் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பு உண்டு, டைப்பிங், பிரிண்ட் வேலை உண்டு, கோளாறு பார்ப்பதும் உண்டு. மூன்றுக்கும் ஒரே வாட்ஸ்அப் எண்தான். வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்தோ, யாரோ சொல்லியோ எண்ணை வாங்கி, முதல் செய்தியாக ஒரே ஒரு சொல்லைத் தட்டிவிடுகிறார்கள்: "Excel". கற்க வேண்டுமா, எதுவும் கெட்டுப்போய்விட்டதா, வேலை முடித்துத் தர வேண்டுமா என்பது நமக்குத் தெரியாது. முன் மேஜையில் உட்காரும் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் மாறுகிறார்கள், அவர்கள் என்னிடம் கேட்பது மட்டும் மாறுவதே இல்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

அக்கா, "Excel"னு மட்டும் வந்திருக்கு. என்ன பதில் போடறது?

கீழே இருப்பதை அப்படியே போடுங்கள்.

> வணக்கம். எக்செல் கற்றுக்கொள்ள வேண்டுமா? போட்ட கணக்கில் ஏதாவது சிக்கலா? இல்லை, நாங்கள் ஏதாவது தயார் செய்து தர வேண்டுமா? சிக்கல் என்றால் கம்ப்யூட்டர் திரை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

"என்ன வேணும்?" என்று மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். "Excel" என்றே மறுபடியும் பதில் வரும். பார்த்திருக்கிறேன். அதேபோல எடுத்த எடுப்பில் கட்டணப் பட்டியலை அனுப்புவதும் வேண்டாம். வகுப்பில் சேர நினைப்பவருக்கு அது சரி. கணக்கு டேலி ஆகாமல் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று மாதக் கோர்ஸ் கட்டணத்தை அனுப்பினால், அவர் அத்தோடு போய்விடுவார்.

முழுசா ஒரு வரி எழுதினா என்னவாம் இவங்களுக்கு?

மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று "காய்ச்சல்" என்று ஒரு சொல்தானே சொல்கிறோம்? மாத்திரையின் பெயர் நமக்குத் தெரியாது, கடைக்காரர் மற்றதைக் கேட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கை. இதுவும் அப்படித்தான். கூட்டுத்தொகை தப்பாக வருகிறது என்றால் அந்தத் தப்புக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே பெயர் எக்செல். அதை அனுப்பிவிட்டார்.

நம் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. வாசல் பலகையில் "வேர்ட், எக்செல், டேலி, டிடிபி" என்று நாமே சொற்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம். ஓட்டலில் பலகையைப் பார்த்து "ரவா தோசை" என்று சொல்கிற மாதிரி அவர்களும் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்கிறார்கள்.

மெசேஜைப் பார்த்தே மூணுல எதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்குத்தான். பரீட்சை முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் பகல் நேரத்தில் வந்தால் பெரும்பாலும் கற்க விரும்புபவர். மார்ச் கடைசியிலோ, எந்த மாதமானாலும் கடைசி இரண்டு நாளிலோ, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு வந்தால் ஏதோ கணக்கு நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இருந்தால் ("Excel?") "இந்த வேலை எடுப்பீர்களா" என்று கேட்பதாகவே எனக்குப் படும்.

ஆனால் இதை நம்பி பதிலை மாற்றாதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன மூன்று வாசலையும் திறந்தே வையுங்கள். ஊகம் உங்களுக்குள் இருக்கட்டும், எந்தப் பதில் வந்தால் அடுத்து என்ன கேட்பது என்று தயாராக மட்டும் அது உதவும். ஒருமுறை "XL" என்று வந்த செய்திக்கு நம் பையன் வகுப்பு நேரம் எல்லாம் அனுப்பிவிட்டான். அவர் தேடியது பக்கத்து ஜவுளிக்கடையை, சட்டை சைஸ்.

மூணையும் கேட்டேன். "ஆமா"ன்னு பதில் வருது!

இது அடிக்கடி நடக்கும், கோபப்பட வேண்டாம். மூன்று கேள்வியில் கடைசியை மட்டும் படித்திருப்பார், அல்லது எதையுமே படிக்காமல் "நீங்கள் எக்செல் பார்ப்பீர்கள்தானே" என்பதற்கு ஆமாம் சொல்லியிருப்பார். மறுபடி மூன்றையும் கேட்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது ஃபைல் திறந்து உங்கள் முன்னால் இருக்கிறதா?"

இருக்கிறது என்றால் கற்கும் வாசலை அடைத்துவிடலாம். அடுத்து, "நேற்று வரை சரியாக இருந்ததா?" என்று கேளுங்கள். இருந்தது என்றால் ஏதோ கெட்டிருக்கிறது, சரிசெய்யும் வேலை. "இல்லை, இப்போதுதான் போட ஆரம்பித்தேன்" என்றால் அவருக்கு வேண்டியது வழிகாட்டல் அல்லது தயார் செய்த ஃபைல். ஃபைலே இல்லை என்றால் "யாருக்காக?" என்று கேட்டால் போதும். "பொண்ணுக்கு", "பையனுக்கு" என்று வந்தால் வகுப்பு. "கடைக்கு", "சங்கத்துக்கு" என்று வந்தால் வேலை.

போட்டோ வந்துடுச்சு. ஆனா அதுல எர்ரர் எதுவுமே காணோமே?

பெரும்பாலான எக்செல் சிக்கலில் எர்ரர் செய்தி வராது. அதனால்தான் முழுத் திரையும் தெரிகிற போட்டோ கேட்கச் சொன்னேன். எல்லாரும் நடுவில் இருக்கும் எண்களைப் பார்ப்பார்கள், நீங்கள் ஓரங்களைப் பாருங்கள். முதலில் மேல் ஓரம், அதாவது ஃபைல் பெயர் இருக்கும் பட்டை. அங்கே `Read-Only` என்று இருந்தால் அவர் அடிப்பது அதே பெயரில் சேமிக்கப்படாது. `Unlicensed Product` என்று இருந்தால் அடிக்கவே விடாது, அது உரிமப் பிரச்சினை, கணக்கில் தேடாதீர்கள். அதற்குக் கீழே மஞ்சள் பட்டையில் `Protected View` என்று இருந்தால் மெயிலிலோ இணையத்திலோ வந்த ஃபைல். யார் அனுப்பியது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் `Enable Editing` அழுத்தச் சொல்லுங்கள்.

பிறகு கீழ் ஓரம். இடது மூலையில் `Calculate` என்று இருந்தால் எக்செல் தானாகக் கணக்குப் போடுவதை நிறுத்தி வைத்திருக்கிறது. எண்ணை மாற்றினாலும் மொத்தம் பழையதே நிற்கும். `Formulas` → `Calculation Options` → `Automatic` என்று மாற்றினால் தீர்ந்தது. இது தொற்றிக்கொள்ளும் வியாதி. அப்படி அமைக்கப்பட்ட ஒரு ஃபைலை முதலில் திறந்துவிட்டு, அதை மூடாமலே வேறு ஃபைலைத் திறந்தால் அதிலும் கணக்கு நின்றுபோகும். "நான் ஒண்ணுமே பண்ணல" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். `Scroll Lock` என்று இருந்தால் அம்புக்குறி விசையை அழுத்தும்போது கட்டத்துக்குக் கட்டம் போகாமல் பக்கமே நகரும். இதற்காகக் கீபோர்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

கட்டங்களில் எண்ணுக்குப் பதில் `=SUM(...)` என்று எழுத்தாகவே தெரிந்தால் பெரும்பாலும் Ctrl விசையோடு ` விசையைத் தவறுதலாக அழுத்தியிருப்பார். இன்னொரு முறை அழுத்தினால் பழையபடி ஆகும். `#####` என்று இருந்தால் அகலம் போதவில்லை, நெடுவரிசையின் விளிம்பில் இருமுறை கிளிக் செய்யச் சொன்னால் முடிந்தது.

"கத்துக்கணும்"னு தெளிவா சொல்லிட்டாங்க. அப்புறமும் ஏன் கேள்வி கேக்கச் சொல்றீங்க?

மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கணக்கைப் பார்க்கும் அம்மா ஒருவர். முதல் செய்தி "Excel". நம் பதிலுக்கு அவர் போட்டது "கத்துக்கணும்". பையன் வகுப்பு நேரம் அனுப்பினான். "நாளைக்குள்ள முடியுமா" என்று கேட்டார். அந்த இடத்தில் காது நிமிர வேண்டும். எக்செல்லை நாளைக்குள் கற்க யாரும் கேட்க மாட்டார்கள். "நாளைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. குழுக் கூட்டம் இருக்கிறது, மொத்தம் இடிக்கிறது. தனக்குத்தான் கூட்டத் தெரியவில்லை, முறையாகக் கற்றால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஃபைலை அனுப்பச் சொன்னோம். 20 பேர், ஆளுக்கு 500 ரூபாய் சேமிப்பு, C2 முதல் C21 வரை. மொத்தம் 10,000 வர வேண்டும், எக்செல் 8,500 என்றது. `=SUM(C2:C21)` என்று சரியாகத்தான் போட்டிருந்தார். 1,500 குறைகிறது என்றால் மூன்று பேர் கணக்கில் சேரவில்லை. ஆனால் இருபது கட்டத்திலும் 500 என்று கண்ணுக்குத் தெரிகிறது. வேறு இரண்டு காலிக் கட்டங்களில் இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

```
=COUNTA(C2:C21)
=COUNT(C2:C21)
```

முதலாவது காலியாக இல்லாத கட்டங்களை எண்ணும்: 20. இரண்டாவது எக்செல் எண்ணாக ஏற்றுக்கொண்டவற்றை மட்டும் எண்ணும்: 17. ஆக மூன்று கட்டங்களில் இருப்பது எண் மாதிரி தெரியும் எழுத்து. `SUM` அப்படிப்பட்ட கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், எர்ரர் காட்டாது. பொதுவாக எழுத்து கட்டத்தின் இடது பக்கம் ஒட்டிக்கொள்ளும், எண் வலது பக்கம், அதை வைத்தே பிடித்துவிடலாம். இவர் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தார், அந்தத் தடயம் போய்விட்டது. இருபதுமே எழுத்தாக இருந்திருந்தால் மொத்தம் 0 என்று வந்திருக்கும், யாருக்கும் உடனே சந்தேகம் வரும். 8,500 என்பது நம்பும்படியாக இருக்கிறது, அதனால்தான் அவர் இரண்டு ராத்திரி நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த மூணு மட்டும் எப்படி எழுத்தாச்சு? எப்படி சரி பண்ணினீங்க?

அந்த மூன்று பேரும் பணத்தை நேராகக் குழுவின் வங்கிக் கணக்கில் போட்டிருந்தார்கள். அவர் வங்கியின் இணையப் பக்கத்திலிருந்து தொகையைக் காப்பி செய்து ஒட்டியிருக்கிறார். இணையப் பக்கங்களில் சாதாரண இடைவெளி போலவே தெரியும் இன்னொரு இடைவெளி உண்டு, அதன் எண் 160. எண்ணோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சந்தேகப்பட்ட கட்டத்துக்கு `=LEN(C9)` போட்டால் 500 என்பதற்கு 3 வர வேண்டும், 4 வந்தது.

C நெடுவரிசையைத் தேர்ந்து `Ctrl+H` அழுத்த வேண்டும். `Find what` பெட்டியில் Alt விசையைப் பிடித்துக்கொண்டு, கீபோர்டின் வலது பக்க எண் விசைகளில் 0160 என்று அடிக்க வேண்டும். பெட்டியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பரவாயில்லை. கீழ்ப் பெட்டியைக் காலியாக விட்டு `Replace All`. மூன்று இடத்தில் மாற்றியதாக எக்செல் சொன்னது, மொத்தம் 10,000 ஆனது. எண் விசைகள் இல்லாத லேப்டாப் என்றால் C9-க்குள் போய், 500-க்குப் பின்னால் இருக்கும் அந்த இடைவெளியை மட்டும் தேர்ந்து காப்பி செய்து பெட்டியில் ஒட்டலாம். மாற்றிய பிறகும் மொத்தம் அசையவில்லை என்றால் அந்தக் கட்டங்களின் அமைப்பு `Text` என்று இருக்கிறதா பாருங்கள். அதை `General` ஆக்கிவிட்டு, அந்தக் கட்டங்களில் எண்ணை மறுபடி அடிக்க வேண்டும்.

சரி பண்ணி அனுப்பியாச்சு. அவங்க கேட்டது கத்துக்கறது ஆச்சே, அதை விட்டுடறதா?

விடக் கூடாது. அடுத்த மாதமும் அதே பக்கத்திலிருந்து காப்பி செய்வார், அதே 1,500 மறுபடி காணாமல் போகும். ஆனால் மூன்று மாதக் கோர்ஸும் தேவையில்லை. மொத்தத்துக்குப் பக்கத்தில் அந்த `COUNT` வரியை நிரந்தரமாக வைத்துவிட்டு, "இது ஆள் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால்தான் மொத்தத்தை நம்புங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். பத்து நிமிடம் ஆனது. அவர் பின்னர் தன் மகளை வகுப்பில் சேர்த்தார் என்பது வேறு கதை.

"அக்கவுண்ட் நம்பர்ல கடைசி எண் பூஜ்யமா மாறிடுச்சு"ங்கறாங்க. ஃபார்மட் மாத்தினா வந்துடும்னு சொல்லிட்டேன், சரிதானே?

தப்பு. இதைச் சொல்வதற்கு முன்னால் எத்தனை இலக்க எண் என்று கேட்க வேண்டும். எக்செல் ஒரு எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் இருப்பது பூஜ்யமாகிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே அடித்தால் கடைசி இலக்கம் போனது போனதுதான். ஃபைலுக்குள் எங்கேயும் அது ஒளிந்திருக்கவில்லை. பாஸ்புக்கைப் பார்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். கட்டங்களை முதலில் `Text` என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள்குறி (') போட வேண்டும்.

ஆதார் எண் கதை வேறு. அது 12 இலக்கம், 15-க்குள் அடங்கிவிடும். `1.23457E+11` என்பது போலத் தெரிந்து பயமுறுத்தும், ஆனால் உள்ளே எல்லா இலக்கமும் பத்திரமாக இருக்கிறது. `Number` என்று மாற்றி, தசம இடத்தை 0 ஆக்கினால் முழுதாக வந்துவிடும். நீங்கள் சொன்ன பதில் இதற்குச் சரி. இரண்டும் பார்வைக்கு ஒரே வியாதி மாதிரி இருப்பதால்தான் குழம்புகிறோம்.

கணக்கு எண்கள் CSV ஃபைலாக வந்திருந்தால் இன்னும் கவனம். இருமுறை கிளிக் செய்து திறந்து, சேமித்துவிட்டால் மூலமும் கெட்டுவிடும். அனுப்பியவரிடம் மறுபடி வாங்கி, `Data` → `From Text/CSV` வழியாகக் கொண்டுவந்து, அங்கே `Do not detect data types` என்பதைத் தேர்ந்தால் இலக்கங்கள் அப்படியே வரும். அப்புறம், கணக்கு எண், ஆதார் எண் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்ப வேண்டாம், அந்த இடத்தை மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

நான் சொல்ற மெனுவே அங்க இல்லைங்கறாங்க. பொய் சொல்றாங்களா?

அவர் திறந்திருப்பது எக்செல்லே இல்லாமல் இருக்கலாம். போட்டோகாப்பியை ஜெராக்ஸ் என்கிற மாதிரி, கட்டம் கட்டமாக இருக்கும் எதையும் எக்செல் என்றுதான் சொல்கிறார்கள். பழைய லேப்டாப்பில் லிப்ரே ஆபிஸ் இருக்கும், போனில் டபிள்யூபிஎஸ் இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த லிங்க் என்றால் கூகுள் ஷீட்ஸ். பிரௌசரின் மேல் வரியில் `docs.google.com` என்று தெரிந்தால் ஷீட்ஸ்தான். போனா, கம்ப்யூட்டரா என்பதையும் கேளுங்கள்.

எக்செல்லேதான் என்றாலும் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும், `File` → `Account` பக்கத்தில் இருக்கும். `XLOOKUP` போடச் சொல்லி வீடியோவில் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் 2016 அல்லது 2019 இருக்கும். அவற்றில் அது இல்லை, 2021-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும்தான் உண்டு. அவர் கையில் எந்தக் கோளாறும் இல்லை, `VLOOKUP` வைத்து முடித்துக்கொள்ளலாம்.

நிஜமாவே கத்துக்க வந்தவங்கன்னா என்ன கேக்கணும்?

"எதற்காக?" என்ற ஒன்றுதான். அரசுத் தட்டச்சர் வேலைக்கு என்றால் அவர் தேடுவது பெரும்பாலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு. எக்செல் அதில் ஒரு பகுதி மட்டுமே. எக்செல் மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் மறுபடி வந்து நிற்பார். இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கம்பெனி இன்டர்வியூவுக்கு என்றால் தேதி எப்போது என்று கேளுங்கள், ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் வரிசைப்படுத்தல், வடிகட்டல், `VLOOKUP`, பிவட் டேபிள் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். "சும்மா, எல்லாரும் கத்துக்கச் சொல்றாங்க" என்பவருக்கு வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வாரம் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நடுவில் ஒரு நாள்கூடத் தொடாவிட்டால் எதுவும் தங்காது, நான் அதை அவரிடமே சொல்லிவிடுவேன்.

"ஒரு ஃபார்மட் போட்டுக் குடுங்க"ன்னா எதை வெச்சு ஆரம்பிக்கறது?

இப்போது எதில் எழுதுகிறாரோ அந்த நோட்டின் இரண்டு பக்கங்களைப் போட்டோ கேளுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் "பேரு, தொகை, பாக்கி" என்று மூன்றோடு முடித்துவிடுவார். நோட்டில் பார்த்தால் ஓரத்தில் "பாதி குடுத்தார், மீதி 15-ம் தேதி" என்று கிறுக்கியிருக்கும். ஒரே ஆள் மாதத்தில் இரண்டு முறை பணம் கட்டுவார் என்பது அங்கேதான் தெரியும். ஆளுக்கு ஒரு வரி என்று போடுவதா, கட்டும் தடவைக்கு ஒரு வரி என்று போடுவதா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். பின்னால் மாற்றுவது பெரிய தொல்லை.

யார் நிரப்பப் போகிறார், போனிலா கம்ப்யூட்டரிலா, பிரிண்ட் எடுக்க வேண்டுமா என்ற மூன்றையும் விலை சொல்வதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

பாஸ்வேர்ட் மறந்துட்டாங்களாம். இது சரிபண்ற வேலைதானே?

முதலில் எந்தப் பாஸ்வேர்ட் என்று பாருங்கள். ஃபைல் திறக்கிறது, அடிக்க மட்டும் விடவில்லை என்றால் அது ஷீட் பூட்டு, யாரும் தெரியாமல் ஃபார்முலாவை அழித்துவிடக் கூடாது என்பதற்காகப் போடுவது. ஃபைலே திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்கிறது என்றால் உள்ளே இருப்பது முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. நம்மால் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்டும் எடுத்துத் தராது. பழைய பிரதி மெயிலில் இருக்கிறதா என்று தேடச் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஷீட் பூட்டை எடுக்க வழிகள் உண்டு. ஆனால் பூட்டியவர் இவர்தானா? "ஆபிஸ்ல குடுத்த ஃபைல், ஒரு எண்ணை மட்டும் மாத்தணும்" என்று வந்தால் கை வைக்காதீர்கள், கொடுத்தவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

பதில் போட்டேன், ரெண்டு ப்ளூ டிக் வந்துச்சு, அப்புறம் பேச்சே இல்ல. விட்டுடலாமா?

மறுநாள் காலை ஒரே ஒரு முறை கேளுங்கள், அதுவும் மூன்று கேள்வியாக இல்லாமல்: "நேற்று எக்செல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டைப் பண்ணச் சிரமமாக இருந்தால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்." ஒரு சொல் மட்டும் அனுப்பியவர்களில் பலர் நீளமாகத் தட்டத் தயங்குபவர்கள், பேசச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குக் கொட்டிவிடுவார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். தினமும் வகுப்பு விளம்பரம் அனுப்பி நம் எண்ணை பிளாக் செய்ய வைத்துவிட வேண்டாம்.

"Tally", "Word", "Photoshop"னு ஒத்தைச் சொல் வந்தாலும் இதே பதில்தானா?

வாசல் அதே மூன்றுதான், எது முதலில் வர வேண்டும் என்பது மாறும். "Word" என்று வந்தால் பாதிக்கு மேல் ரெஸ்யூமே அடித்துத் தரச் சொல்லித்தான், அதனால் "ஏதாவது டைப் செய்து தர வேண்டுமா?" என்பதை முன்னால் போடுங்கள். "Photoshop" என்றால் படிக்கவும் கேட்பார்கள், பழைய கல்யாணப் போட்டோவில் ஆள் சேர்க்கவும் கேட்பார்கள், சரிசெய்ய என்று வந்ததாக எனக்கு நினைவில்லை. "Tally" என்றால் கற்பதும் சரிசெய்வதும் சமமாக வரும். சரிசெய்ய என்றால் டேலி பிரைமா, பழைய இஆர்பி 9-ஆ என்று உடனே கேட்க வேண்டும், இரண்டிலும் திரை வேறு மாதிரி இருக்கும்.

"Printer" என்று வந்தால் மட்டும் எதுவும் யோசிக்க வேண்டாம். மாடல் நம்பரைக் கேளுங்கள், அப்படியே பேப்பர் சிக்கியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.